பல்புக்கு ரெண்டு ரூபாய்

திருவல்லிக்கேணியில் நாங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டில் கரண்டு கணக்கு ரொம்ப எளிது. பல்பு ஒன்றுக்கு மாதம் 2 ரூபாய், ஃபேனுக்கு 5, ரேடியோ வைத்திருந்தால் இன்னும் ஒன்று. ஏழு குடித்தனம், ஒரே மீட்டர். அந்த மீட்டர் வீட்டுக்காரர் ரேழியில், அவர் சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது. உள்ளே அலுமினியத் தட்டு சுற்றுவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். தட்டு கொஞ்சம் வேகமெடுத்தால் எழுந்து வருவார். யாரோ இஸ்திரிப் பெட்டி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கரி போட்ட பெட்டி வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று வாசலில் நின்று பொதுவாகக் கேட்பார், யாரையும் குறிப்பிடாமல். 40 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 60 மாட்டியிருக்கிறோமா என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்ப்பதும் உண்டு. ராத்திரி பத்துக்கு மெயினை அணைத்துவிடுவார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெருவிளக்கு இருக்கவே இருக்கிறது.

தண்ணீருக்குக் கணக்கு இன்னும் எளிது. விடிகாலை நாலு மணிக்குக் குழாய் வரும், குடித்தனத்துக்கு ஆறு குடம். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஆறு குடத்தில்தான் அவரும் குளிக்க வேண்டும். அவர் எத்தனை நாள் தங்கப்போகிறார் என்று எங்களைவிட ஆவலாக விசாரிப்பவர் வீட்டுக்காரரின் மனைவி.

இதெல்லாம் அநியாயம் என்று அப்பா தினமும் சொல்வார். அளந்து பார்த்து வாங்கினால் யார் கேட்கப் போகிறார்கள் என்பது அவர் வாதம். அந்த வாதத்தைக் கேட்டு வளர்ந்த நான் இப்போது நங்கநல்லூரில் வீட்டுக்காரன். முன்பக்கம் நாங்கள் நாலு பேர், பின்பக்கத்தில் வேலைக்குப் போகிற அக்கா தங்கை இருவர், மாடியில் கணினி வேலை பார்க்கிற இளம் தம்பதி. ஈ.பி. இணைப்பு ஒன்றுதான். ஆகவே மூன்று சப் மீட்டர் மாட்டினேன். நியாயம் இனி தானாகவே ஓடும் என்று நம்பினேன்.

மீட்டர் மாட்டிய எலக்ட்ரீஷியன் போன மறுவாரமே பின்பக்கத்து அக்கா வந்தார். "அண்ணா, நாங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தோம். ஃப்ரிட்ஜைக்கூட ஆஃப் பண்ணிட்டுத்தான் போனோம். மீட்டர் ஓடியிருக்கே?" என்றார்.

இந்தச் சின்ன மீட்டர்களில் சுற்றுகிற தட்டு கிடையாது. சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சடித்திருப்பார்கள், எங்களுடையதில் 3200. அவர் போர்ஷனின் சுவிட்ச் பெட்டியில் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு இருட்டில் நின்று பார்த்தோம். விளக்கு மினுக்கியது. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினால் ஏறக்குறைய 19 விநாடிக்கு ஒரு தரம். 3200 மினுக்கலுக்கு ஒரு யூனிட் என்றால், 60 வாட் பல்பு ஒன்று மணிக்கு 192 தரம் மினுக்க வைக்கும். அதாவது 19 விநாடிக்கு ஒன்று. வீட்டில் 60 வாட் குண்டு பல்பு எரிந்தது ஒரே இடத்தில்தான், மாடிப்படியில். பழைய வயரிங்கில் அந்தப் படி விளக்கு பின்பக்கத்து லைனிலிருந்து இழுத்தது. ராத்திரி முழுக்க எரிந்தால் இரண்டு மாதத்தில் 43 யூனிட். மாடிக்காரர்கள் வீடு திரும்பும் வெளிச்சத்துக்குக் கீழே இருந்த அக்காதான் காசு கட்டியிருப்பார். லைனைப் பிரித்துப் பொதுக்கணக்கில் சேர்த்தோம், 9 வாட் எல்.ஈ.டி. மாட்டினோம். சப் மீட்டர் வைத்தவர்கள் முதல் வேலையாகச் செய்ய வேண்டியது இந்தச் சோதனை. ஒவ்வொரு போர்ஷனாக அணைத்துவிட்டு, எந்த மீட்டர் அடங்குகிறது, எது அடங்கவில்லை என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் யாருடைய ஃபேன் யாருடைய லைனில் சுற்றுகிறது என்பது கட்டியவருக்கே தெரிந்திருக்காது.

அதன் பிறகுதான் நிஜமான சண்டை. சப் மீட்டர் யூனிட்டை அளக்கும். அந்த யூனிட்டுக்கு என்ன விலை என்று அதற்குத் தெரியாது.

2023 கோடையில் வந்த ஒரு பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு வீடு முழுக்க 640 யூனிட். எங்கள் முன்பக்கம் 140, பின்பக்கம் 90, ஏ.சி. ஓடும் மாடி 330. கூட்டினால் 560. மிச்சம் 80 பொதுக்கணக்கு. தண்ணீர் மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினாலே அதில் 60 போய்விடும்; படி விளக்கும் சில்லறையும் மீதி. இந்த மிச்சத்தைத்தான் ஒவ்வொரு முறையும் முதலில் பார்க்க வேண்டும். திடீரென்று அது 80-லிருந்து 150 ஆனால் எங்கோ கசிகிறது, அல்லது ஒரு மீட்டர் படுத்துவிட்டது. ஈ.பி. ஆள் கணக்கெடுத்த அதே நாளில் சப் மீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் இந்த மிச்சத்துக்கும் அர்த்தமில்லை.

அப்போது நடப்பிலிருந்த 2022 செப்டம்பர் கட்டணப்படி பில் 3,110 ரூபாய். மாடித் தம்பி உடனே எக்செல் திறந்தார். 3,110-ஐ 640-ஆல் வகுத்தால் யூனிட் 4.86 ரூபாய். பொது 80-ஐ மூன்றாகப் பங்கிட்டுச் சேர்த்தால் பின்பக்கம் 567, நாங்கள் 810, மாடி 1,733. சுத்தமான கணக்கு.

பின்பக்கத்து அக்கா பள்ளியில் கணக்கு எடுப்பவர். அமைதியாகக் கேட்டார்: "தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம்தானே? எங்களுக்குத் தனி இணைப்பு இருந்தா 90 யூனிட்டுக்கு நான் என்ன கட்டணும்?"

ஒன்றுமே கட்ட வேண்டியதில்லை. 2016 மே மாதத்திலிருந்து அதுதான் நடைமுறை. எங்கள் 140-க்குத் தனி இணைப்பில் 90 ரூபாய்தான் வரும். மாடியின் 330-க்கு 810. பொதுக்கணக்கைத் தள்ளிவிட்டால் மூன்றும் சேர்ந்து 900 ரூபாயில் முடிந்திருக்கும். ஒரே இணைப்பில் இருப்பதால் இலவசம் ஒரு தடவைதான், அதற்கு மேலே ஏறும் படிகளும் எல்லாருக்குமாகச் சேர்ந்து ஏறுகின்றன. அதிலும் 500-ஐத் தாண்டினால் ஒரு குட்டிக்கரணம் உண்டு. 500 வரை நின்றிருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட் 2.25 ரூபாய், 501 ஆனதும் அதே நூறு யூனிட் திரும்பிப் போய் 4.50 ஆகிவிடும். அந்த ஒரு யூனிட்டில் 225 ரூபாய் கூடிவிடுகிறது. அதன் பிறகு விலைகள் கூடினாலும் ஏணி அதேதான்.

அக்கா அதோடு விடவில்லை. ஏ.சி. மட்டும் ஏறத்தாழ 200 யூனிட் இழுத்திருக்கும் என்றார். அது இல்லாவிட்டால் வீடு 440-இல் நின்றிருக்கும், பில் 1,365. ஆக அந்த 200 யூனிட்டின் விலை 1,745 ரூபாய், யூனிட் 8.70 சொச்சம். சராசரி 4.86 என்றால் மீதியை யார் கட்டுகிறார்கள்?

மாடித் தம்பியும் சும்மா இருக்கவில்லை. "மேடம், உங்க 90 யூனிட் இல்லாட்டியும் 550-தான் வரும், 640 வராது. கடைசியா ஏறினவங்க நாங்கதான்னு எப்படிச் சொல்றீங்க? ஃப்ரிட்ஜ் ராத்திரி பகல் ஓடுது, ஏ.சி. ராத்திரி மட்டும்தான்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஒரே ஏணியில் எல்லாரும் நிற்கும்போது உச்சிப்படியில் நிற்பவர் யார் என்று எந்த மீட்டரும் காட்டாது. அதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் ரேழி வீட்டுக்காரருக்கு இந்தத் தலைவலி இருந்ததில்லை. அவரே முடிவு செய்துவிடுவார்.

கடைசியில் ஒப்புக்கொண்டது இது. இலவச 100 யூனிட் மூன்று வீட்டுக்கும் சரிசமம், ஆளுக்கு 33 சொச்சம். பொது 80-உம் மூன்றாகப் பங்கு. மிச்சமுள்ள 540 யூனிட்டுக்கு 3,110-ஐப் பிரித்தால் 5.76. பின்பக்கம் 480, நாங்கள் 768, மாடி 1,862. அக்காவுக்கு 87 ரூபாய் குறைந்தது, மாடிக்கு 129 கூடியது. இருவருமே முழுத் திருப்தியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். பொதுக்கணக்கைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கலாமே என்று தம்பி ஆரம்பித்தார். நாலு தலை உள்ள வீடு எங்களுடையது. வீட்டுக்காரன் என்ற முறையில் பெருந்தன்மையாக, போர்ஷன் கணக்கே நியாயம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

தண்ணீரில் அந்தப் பெருந்தன்மை செல்லுபடியாகவில்லை. போர் வற்றும் மாதங்களில் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். அதை அளந்து பிரிக்க, டேங்கிலிருந்து இறங்கும் குழாய்களில் மீட்டர் பொருத்தினோம். சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று போர்ஷனுக்கு இரண்டு குழாய் இறங்குவதால் மூன்று வீட்டுக்கு ஆறு மீட்டர். 12,000 லிட்டர் லாரி வந்தது, பதினைந்து நாளில் தீர்ந்தது. மீட்டர்களின் கூட்டுத்தொகை 9,000. மூன்றாயிரம் லிட்டர் எங்கே?

அரையங்குலத் தண்ணீர் மீட்டருக்கு ஒரு குறைபாடு உண்டு. மணிக்கு 30 லிட்டருக்குக் கீழே ஓடினால் அதன் கணக்கை நம்ப முடியாது. மிகச் சன்னமாகக் கசிந்தால் உள்ளே இருக்கும் சக்கரம் அசையவே அசையாது. 3,000 லிட்டரைப் பதினைந்து நாளுக்குப் பிரித்தால் மணிக்கு எட்டு லிட்டர் சொச்சம். குழாய் சொட்டவில்லை, சுவர் ஈரமில்லை. மிச்சம் ஃப்ளஷ் டேங்க்தான். ஒவ்வொரு ஃப்ளஷ் டேங்கிலும் ஆறிப்போன காபி டிகாக்‌ஷனைக் கொஞ்சம் ஊற்றி, அரை மணி நேரம் யாரும் கழிப்பறைப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு போட்டோம். பீங்கானில் பழுப்பு இறங்கியது எங்கள் வீட்டில்தான். அடியில் இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. அந்த லாரியில் முக்கால்வாசிக்குத்தான் மீட்டர் சாட்சி சொன்னது. மீதிக் கால்வாசியைக் கட்டிய நியாயவான் நான்.

இவ்வளவுக்கும் ஒரே மருந்து, மூன்றுக்கும் தனி ஈ.பி. இணைப்பு வாங்குவது என்று இப்போது எல்லாரும் ஒருமனதாக இருக்கிறோம். வயரிங்கைப் பிரிக்க வேண்டும், வைப்புத்தொகை கட்ட வேண்டும். அந்தச் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் வாட்ஸாப் குழுவில் பேச்சு இன்னும் முடியவில்லை. அக்கா யூனிட் கணக்கு என்கிறார், தம்பி தலைக்கணக்கு என்கிறார். வீடு உங்களுடையதுதானே சார் என்றும் ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.