நோட்டுப் பெரியப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு நோட்டுப் பெரியப்பா இருப்பார். சில வீடுகளில் மாமாவாகவும், அபூர்வமாக அத்தையாகவும் அவதாரம் எடுத்திருப்பார். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கும்போது இவர் பார்வை மட்டும் கழுத்தில் நிற்கும். ஆசையால் அல்ல, பொறாமையால் அல்ல. ‘பதினாறாம் பக்கம், நாலாவது வரி’ என்று உதடு முணுமுணுக்கும். வரியில் இருப்பது கழுத்தில் இருந்தால்தான் அவருக்குப் பந்தியில் சோறு இறங்கும்.

எங்கள் செஞ்சியில் இருக்கும் பெரியப்பா ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடை பார்த்து ஓய்வு பெற்றவர். நெல், மல்லாட்டை எது வந்தாலும் ஈரத்துக்கு இவ்வளவு, தூசுக்கு இவ்வளவு, கோணிக்கு இவ்வளவு என்று கழித்தே முப்பது வருஷம் வாழ்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு கழிப்பதற்கு மூட்டை இல்லை. அதனால் குடும்ப நகைகளின் பக்கம் திரும்பினார். நீள நோட்டு ஒன்று, மில்லிகிராம் வரை காட்டும் குட்டித் தராசு ஒன்று, பேனா ஒன்று, பென்சில் ஒன்று. தராசு சொன்னதைப் பேனாவால் எழுதுவார்; மனிதர்கள் சொன்னதைப் பென்சிலால் எழுதுவார். நோட்டின் முதல் வருஷப் பக்கங்கள் பெரும்பாலும் பென்சில்.

எடை போடும் நாளில் வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது. காற்று பட்டால் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடும். பகலெல்லாம் வெயில் குடித்த மலைகள் ராத்திரி வரைக்கும் அனலைத் திருப்பித் தருகிற ஊர் செஞ்சி. அதில் சித்திரை மாதம், கதவு சாத்திய அறையில், விசிறி இல்லாமல், நான்கு மருமகள்கள் தத்தம் நகையோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எடைக்கு முன்னால் கழுவல் வேறு. முறுக்குச் செயினின் இடுக்கில் வருஷக்கணக்கில் சேர்ந்த மஞ்சளும் எண்ணெயும் தங்க விலைக்கு நோட்டில் ஏறிவிடக் கூடாதாம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவைத்துப் போட்டால் செயின் சில மில்லி குறைந்திருக்கும். உடனே சின்ன மருமகள் தராசைப் பார்க்க மாட்டாள், பெரியப்பாவைப் பார்ப்பாள். அரக்கு வைத்த நகையை மட்டும் நனைக்க மாட்டார். அரக்கு இளகிக் கல் கழன்றால் அது எந்தப் பக்கத்தில் வரும் என்று அவருக்கே தெரியாது.

குடும்பத்தில் பெரிய பூகம்பம் கெம்பு அட்டிகையால் வந்தது. பாட்டி காலத்து நகை. ‘ஏழு பவுன்’ என்று நான்கு கல்யாணங்களில் பேசப்பட்ட நகை. பவுனுக்கு எட்டு கிராம் என்றால் 56 கிராம் இருக்க வேண்டும். தராசில் வைத்தார்: 56.200. எல்லாரும் கைதட்டினார்கள். பெரியப்பா தட்டவில்லை. அவர் மூட்டை எடை பார்த்தவர். கோணியோடு வருகிற எடையை நம்பமாட்டார். நகைக்கடன் மதிப்பீட்டாளராக இருந்த நண்பர் ஒருவரிடம் எடுத்துப் போனார். கல்லும் அரக்கும் சேர்த்து 11.400 கழியும் என்றார் அவர். கல்லைக் கழற்றாமல் இதைத் துல்லியமாகச் சொல்லவே முடியாது, கண் பழக்கத்தில் போடும் கணக்குதான். ஆகவே நோட்டில் பென்சில். மிச்சம் 44.800. அடுத்து உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்த்ததில் 83 டச். அதாவது நூற்றுக்கு 83 பங்குதான் சுத்தத் தங்கம். இன்றைக்குக் கடையில் வாங்கும் 22 காரட் என்றால் 91.6 இருக்கும். 44.800-ல் 83 பங்கு என்றால் சுத்தத் தங்கம் 37.184 கிராம். அதை 22 காரட் நகையாக நினைத்துப் பார்த்தால் 40.6 கிராம். ஏழு பவுன், அஞ்சு பவுனாகி வீட்டுக்கு வந்தது.

பாகம் பிரித்தபோது மற்ற நகைகளை விட்டுக்கொடுத்து இந்த ‘ஏழு பவுனை’ எடுத்துக்கொண்ட அத்தை, மூன்று மாதம் பெரியப்பாவோடு பேசவில்லை. நகையில் அன்றைக்கும் இதே தங்கம்தான் இருந்தது, நோட்டு எதையும் திருடவில்லை. ஆனால் எழுதினவன்தானே கையில் கிடைப்பான்!

புது நகைகளில் இந்தத் தொல்லை குறைவு. 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாளம் இருந்தாக வேண்டும். பெரியப்பா பூதக்கண்ணாடியோடு வளையலின் உள்பக்கத்தைத் துழாவி அதை எழுதிக்கொள்வார். பிறகு செல்போனில் BIS Care செயலியில் அதைப் போட்டு, என்ன நகை, எத்தனை காரட் என்று சரிபார்ப்பார். கம்மல் என்று எழுதியிருக்கும் எண் மோதிரத்தில் இருந்தால் கடைக்காரருக்கு அன்று தூக்கம் கெடும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. அதனால் மூக்குத்திகளுக்கு எண் கிடையாது என்பது பெரியப்பாவின் தீராத வருத்தம்.

எண் இல்லாத நகைக்கு வர்ணனைதான் கதி. ‘சிவப்புக்கல் தோடு, ஒரு ஜோடி’ என்று எழுதுகிறவர்களை அவர் மனிதராக மதிப்பதில்லை. மூன்று அக்கா தங்கைகளுக்கும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கின தோடு, எது யாருடையது? அவருடைய வரி இப்படி இருக்கும்: ‘ஏழு கல் தோடு, இடது தோட்டில் கீழ்க்கல் மாற்றியது, நிறம் சற்று வெளிறல், வலது திருகாணி வேறு நகையினுடையது.’ பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுத்த போட்டோ. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை என்று பெரியம்மா சொல்வார்.

கடைசிப் பத்தி, இருப்பிடம். நோட்டு களவு போனாலும் நகை களவு போகக் கூடாது என்று சங்கேதம் கண்டுபிடித்தார். செஞ்சிக்காரருக்குச் சங்கேதம் எங்கிருந்து வரும்? மூன்று மலைகள் கண்ணெதிரே நிற்கின்றனவே. ராஜகிரி என்றால் பேங்க் லாக்கர். உச்சிக்குப் போக இடையில் பிளவும் பாலமும் உள்ள கோட்டை அது; முகலாயப் படை எட்டு வருஷம் வாசலில் காத்துக் கிடந்த இடம். கிருஷ்ணகிரி என்றால் வீட்டு பீரோ. சந்திரகிரி என்றால் அடகு. மூன்றாவதுதான் விவகாரம். அடகு வைத்த தேதி, கடன் எண், மீட்க வேண்டிய நாள் எல்லாம் அதே வரியில் வரும். சங்கேதம் ஒரே வாரத்தில் அம்பலமாயிற்று. ‘அண்ணி ஆரம் சந்திரகிரி ஏறிடுச்சாமே’ என்று துக்க வீட்டில் விசாரிக்கிறார்கள்.

லாக்கரைப் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கம் உண்டு. உள்ளே என்ன வைக்கிறோம் என்று பேங்க் பார்க்காது, எழுதிக்கொள்ளாது. 2022 முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, தீயிலோ திருட்டிலோ ஊழியர் மோசடியிலோ போனால் வங்கி தர வேண்டியது வருஷ வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். ‘உன் நகையை உனக்காக எழுதி வைக்கிறவன் உலகத்துல நான் ஒருத்தன்தான்டா’ என்பார். அப்படிப்பட்டவர், நோட்டின் ஒரே பிரதியை அதே லாக்கருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எந்த நகை எங்கே என்று தெரியாமல் பொங்கல் லீவு முழுக்கத் தவித்தார். இப்போது நகல் ஒன்று சென்னையில் மகளிடம் இருக்கிறது.

நோட்டில் ஒரு வரி மட்டும் இன்னும் முழுக்கப் பென்சிலாகவே நிற்கிறது. பெரியம்மாவின் தாலிக்கொடி. கழற்றச் சொல்ல வாய் வராது. ஆடிப்பெருக்கன்று சரடு மாற்றும்போது தராசும் கையுமாகப் பக்கத்தில் போய் நின்றார். பெரியம்மா மஞ்சள் பூசிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“எடைய விடுங்க. இருப்பிடம் மட்டும் பேனாவுல எழுதிக்குங்க, என் கழுத்துன்னு. சந்திரகிரிக்கு மாத்தறதா இருந்தா முதல்ல என்கிட்ட கையெழுத்து வாங்கணும்.”