யாங் டிஹோர்மாத்தி!

புந்தோங்கில் எங்கள் வீட்டு மனப்பாடத் தம்பிக்கு அடுத்த வாரம் கல்லூரியில் முதல் பிரசன்டேஷன். கதவைச் சாத்தினாலும் கேட்கிறது: "யாங் டிஹோர்மாத்தி..." தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவனாயிற்றே! அன்று முழங்கிய "அவைத் தலைவர் அவர்களே, நடுநிலை தவறா நீதிபதிகளே, மணி காப்பாளர் அவர்களே" வரிசை இன்று மலாய் உடுத்தி வருகிறது. வகுப்பில் இருக்கப்போவது ஒரு விரிவுரையாளரும் கைப்பேசியில் தலை கவிழ்ந்த இருபது பேரும்தான். அவர்களில் யார் நீதிபதி?

தலைப்பு, பேராக்கில் ரப்பர். நேரம், ஏழு நிமிடம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூற்றுப் பத்துச் சொல்தான் போகும். அதற்கு மூன்று பக்கம் தாராளம். தம்பி எழுதியதோ எட்டுப் பக்கம். அதை ஏழு நிமிடத்தில் அடக்க மூச்சு விடாமல் ஓட்டுகிறான். அந்த ஓட்டத்திலேயே மூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்து, "பயமா இருக்குக்கா" என்கிறான்.

ஹியூ லோ 1877இல் குவாலா கங்சாரில் ஒன்பது கன்று நட்ட இடத்துக்கு வந்தபோது, "சோறு ஆறுதுடா" என்றேன். அவ்வளவுதான். முழித்தான். கண்ணை மூடினான். மறுபடியும் "யாங் டிஹோர்மாத்தி"யிலிருந்து தொடங்கினான்! ஒரு சொல் போனால் அடுத்த சொல்லும் போய்விடும் மனப்பாடம் இது. ஒத்திகையில் யாராவது நடுவில் குறுக்கிட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தால்தான் தயார் என்று அர்த்தம். சோற்றுக்கே இவன் தோற்றுவிட்டான்.

ஆனால் சாப்பிடும்போது பாட்டி பால்மரம் வெட்டிய கதையை எடுத்தான் பாருங்கள். விடியுமுன் எழுந்தது, மங்கில் பால் சொட்டியது, மழை வந்தால் அன்றைக்குச் சம்பளம் போனது, தோட்டம் செம்பனையானதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை. கேட்டுக்கொண்டே எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"இதையே சொல்லுடா" என்றேன். முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் மட்டும் மனப்பாடம் செய்; படபடப்பு உச்சத்துக்குப் போவது முதல் நிமிடத்தில்தான், அதைத் தாண்டிவிட்டால் தானாகத் தணியும். நடுப்பகுதிக்கு மூன்று அட்டை, அட்டைக்கு ஒரே சொல்: லோ, பாட்டி, செம்பனை. கட்டிலில் படுத்து முணுமுணுக்காமல், எழுந்து நின்று வாய்விட்டு, கடிகாரம் வைத்துச் சொல். எழுந்து போகுமுன் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடு.

"சரிக்கா" என்றான்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கோப்பை கொடுத்த நாங்கள் எல்லாரும் குரலுக்கும் கையசைவுக்கும்தான் கொடுத்தோம். பேச்சை எழுதித் தந்தது வாத்தியார், கேட்டுக் கைதட்டியது பெற்றோர். நடுவில் ஒரு கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். லோ, பாட்டி, செம்பனை மூன்றும் இருந்தன. அவற்றைச் சுற்றி, எறும்பு எழுத்தில், இரண்டு பக்கமும், அந்த எட்டுப் பக்கமும் இருந்தது.

"இடம் பத்தலக்கா. இன்னும் நாலு அட்டை இருக்கா?"