பாட்டிக்குப் பல் விழுந்த வருஷம்

கேள்வி: என் பாட்டி நாகப்பட்டினத்துக்காரர். ஆதாரில் 1-1-1938 என்று இருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: ஜனவரி 1 என்றாலே சந்தேகப்படுங்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அலுவலகங்கள் அளிக்கும் பொதுப் பிறந்தநாள் அது. பாட்டியிடம் வயதைக் கேட்டும் பயனில்லை. ‘எண்பது இருக்கும்’ என்று முழு எண்ணாகச் சொல்லி முடித்துவிடுவார். புயலைக் கேளுங்கள். 1952 நவம்பர் 30-ல் நாகையைப் புயல் தாக்கியது. ‘ஞாபகமிருக்கா?’ என்று மட்டும் கேட்டால், அம்மா சொல்லிக் கேட்டதையும் பார்த்ததாகவே சொல்வார். அப்போது தான் எப்படி இருந்தார் என்று கேளுங்கள்: இடுப்பில் தூக்கினார்களா, பல் விழுந்திருந்ததா, தம்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்தாரா?

கேள்வி: கேட்டுவிட்டேன். மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்து பொக்கை வாயாம். ‘மாமாங்கம் போய்வந்த மறுவருஷம் வயசுக்கு வந்தேன்’ என்றும் சொல்கிறார்.

பதில்: பிரமாதம்! அந்தப் பற்கள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுபவை. அப்படியானால் 1944-க்கும் 1946-க்கும் இடையில் பிறந்திருக்கிறார். மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. 1956, 1968 என்று இரண்டு இருந்தாலும், 1968-ல் பாட்டிக்கு இருபது தாண்டியிருக்கும். ஆகவே 1956-தான். மறுவருஷம் 1957. அந்தக் காலத்தில் பெண்கள் பெரும்பாலும் 13, 14 வயதில்தான் பெரிய மனுஷி ஆனார்கள். அது 1943, 44-ஐக் காட்டுகிறது. இரண்டு கணக்கும் 1944-ஐ ஒட்டியே வந்து சேர்கின்றன. 1938-ல் பிறந்திருந்தால் புயலன்று 14 வயது. பொக்கை வாய்க்கு வழியில்லை. ஆதார் ஆறு வருஷம் தாராளம் காட்டியிருக்கிறது.

கேள்வி: ‘தாரண வருஷம் தை மாசம் பொறந்தே’ என்று பாட்டியின் அம்மா சொல்வாராம். அதுவும் 1944-தானே?

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! தாரண 1944 சித்திரையில் பிறந்தது. ஆனால் தை வருவதற்குள் ஆங்கில வருஷம் மாறிவிடும். ஆகவே 1945 ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி பாதிக்குள். தை, மாசி, பங்குனிக்காரர்கள் எல்லோரையும் ஒரு வருஷம் மூத்தவர்களாக்கும் பிழை இதுதான். புயலன்று ஏழே முக்கால் வயது. பல் கணக்கு பொருந்துகிறது. 1957-ல் 12 என்பது கொஞ்சம் சீக்கிரம், ஆனால் நடக்காததல்ல. உடம்புக் கணக்கு ஒன்றிரண்டு வருஷம் வழுக்கும். பெற்றவள் வாயால் வந்த வருஷப் பெயர் அவ்வளவு எளிதில் மாறாது. நான் தாரண பக்கம்.

கேள்வி: இத்தனை பாடு எதற்கு? எக்ஸ்ரே எடுத்தால் வயது தெரிந்துவிடாதா?

பதில்: எலும்பு முனைகள் கூடும் அளவை வைத்து இளவயதுக்காரர்களுக்குத்தான் சொல்வார்கள். இருபத்தைந்துக்குள் எல்லாம் கூடி முடிந்துவிடும். பாட்டிக்கு எடுத்தால் மூட்டுத் தேய்மானம் தெரியும். அதைப் பாட்டியே தினமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்?