அப்பா தேதிக்கு வரமாட்டார், திதிக்குத்தான் வருவார்

எங்கள் கம்பெனியின் லீவு மென்பொருளில் சாவுக்கென்றே தனிக் கட்டம் ஒன்று உண்டு. முதலில் உறவுமுறை கேட்கும். 'தந்தை' என்று தேர்ந்தெடுக்கலாம். அடுத்து இறந்த தேதி கேட்கும். அதில் 2011 செப்டம்பர் 2 என்று போட்டால் கட்டம் சிவந்துவிடும். சாவு புதிதாக இருக்க வேண்டும், பழைய சாவு செல்லாது என்பது அதன் கொள்கை. ஆகவே அப்பாவின் திவசத்துக்கு எழுதப்பட வேண்டிய லீவு, 'சொந்தக் காரணம்' என்ற பொதுக் கட்டத்தில் போய் விழுகிறது. வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வருகிறார் என்றாலும் அதே கட்டம்தான்.

அப்பாவுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அவர் அரசு அலுவலகத்தில் இருந்தவர். தற்செயல் விடுப்புத் தாளில், காரணம் என்ற இடத்தில் 'தகப்பனார் திதி' என்று இரண்டே சொல் எழுதுவார். அதைப் பார்த்துவிட்டு சூப்பிரண்டெண்ட் கேட்கக்கூடிய ஒரே கேள்வி, "அதிரசம் மிஞ்சுமா?" என்பதுதான்.

என் மேனேஜர் இருப்பது ம்யூனிக்கில். நல்ல மனுஷர். லீவு கேட்டால் முகம் சுளிக்கிறவர் இல்லை. எங்களூர் மேனேஜர்களைப் போல "நீ போயிட்டா ரிலீஸை யார் பார்க்கறது?" என்று பெருமூச்சு விடுகிறவரும் இல்லை. சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார், அதுதான் ஆபத்து. எங்கள் டீமில் ஒருவர் தன் தகப்பனார் திவசத்துக்கு, 'வீட்டில் அப்பாவுக்காக ஒரு ஃபங்ஷன்' என்று எழுதி அனுப்பினார். மேனேஜரிடமிருந்து உடனே பதில் வந்தது, கூடவே ஒரு பலூன் படமும்: "அருமை! அப்பாவுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்." நண்பர் அந்தப் பலூனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சொல்லிவிடுகிறேன் என்று பதில் போட்டார். வேறென்ன செய்வது?

'பூஜை' என்று எழுதினால் தீபாவளிப் பக்கம் போய்விடும். 'குடும்ப நிகழ்ச்சி' என்றால் கல்யாணம். 'காய்ச்சல்' என்று எழுதுகிற சிலரும் இருக்கிறார்கள். அப்பாவின் பெயரால் பொய் சொல்லி, அதற்கு டாக்டர் சீட்டும் வாங்கி, பிறகு அவருக்கே எள்ளும் தண்ணீரும் இறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சொல் கிடைத்தாலும் நாள் சிக்கல் தீராது. அப்பா காலமானது ஆவணி மாதம், வளர்பிறைப் பஞ்சமி. தமிழ்நாட்டில் எங்கள் வீடுகளில் மாதம் சூரியன் கணக்கு, திதி சந்திரன் கணக்கு. இரண்டும் பொருந்துகிற நாள் இங்கிலீஷ் காலண்டரில் ஓர் இடத்தில் நிற்காது. சந்திரனின் பன்னிரண்டு மாதம் சூரிய வருஷத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் திதி வருஷா வருஷம் பின்னால் நகர்ந்து, ஆவணியை விட்டு நழுவப் பார்க்கும்போது ஒரே தாவலாக முன்னால் வந்துவிடும். 2023-இல் ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. 2024-இல் செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. 2025-இல் ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை. பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் என்று நினைவு வைத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் முடியாது. 2023-இல் பிள்ளையாரே புரட்டாசிக்குப் போய்விட்டார். அப்பா ஆவணியை விட்டு அசையவில்லை.

இதை மேனேஜர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒருவனுடைய தகப்பனார் இறந்தது செப்டம்பர் 2. அவன் ஒரு வருஷம் ஆகஸ்டில் லீவு கேட்கிறான். அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் கேட்கவே இல்லை. அதற்கடுத்த வருஷம் வியாழக்கிழமை கேட்கிறான். முந்தின நாள் புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி, அரசு விடுமுறை. பின்னால் வெள்ளி, சனி, ஞாயிறு. எந்த ஊர் மேனேஜருக்கும் இதில் தெரிவது பித்ரு கடன் அல்ல, ஊட்டி டிக்கெட்.

சந்தேகப்படுகிறவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தொலைந்தோம். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பன்னிரண்டு பாகை என்று தொடங்கினால், வளர்பிறை வரும், தேய்பிறை வரும், வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்ற சண்டை வரும். போதாக்குறைக்கு, பஞ்சமி 27-ஆம் தேதி பிற்பகலே வந்துவிட்டது. ஆனால் பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கான அபராஹ்ணத்தில் எந்தத் திதி இருக்கிறதோ, அதுதான் சிராத்தத்துக்குக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 28. இதையெல்லாம் எழுதினால் கடிதம் மூன்று பக்கம் போகும். கடைசியில் அவர் கேட்கப்போவது ஒன்றுதான்: "சனிக்கிழமை செய்தால் என்ன?"

என் அம்மா இந்தக் கவலையை ஒரே வரியில் தள்ளிவிட்டாள். "ஏண்டா, அப்பா திவசம்னு சொன்னாப் புரியாதா? அவாத்துல எல்லாம் அப்பா செத்துப்போறதே இல்லையா?"

யோசித்தால் அதுதான் வழி. மேனேஜருக்குத் தகப்பனார் என்றால் யார் என்று தெரியும், சாவு என்றால் என்ன என்றும் தெரியும். தெரியாதது மூன்று: இந்த நாளை மாற்ற முடியுமா, உனக்குப் பதில் வேறு யாராவது செய்யலாமா, நடுவில் ஐந்து நிமிஷம் போன் பேசலாமா. மூன்றுக்கும் 'முடியாது' என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், விஷயம் எவ்வளவு கனமானது என்று அவருக்கே விளங்கிவிடும். பக்தியைப் புரியவைக்க வேண்டியதில்லை, தடையைச் சொன்னால் போதும். நான் அனுப்பியது இங்கிலீஷில். தமிழில் போட்டால் இப்படி வரும்:

"ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை எனக்கு விடுப்பு வேண்டும். மறைந்த என் தந்தைக்கு ஆண்டுக்கு ஒருமுறை மகன் செய்ய வேண்டிய நினைவுச் சடங்கு அன்று. நாள் சந்திரனை வைத்துக் கணிக்கப்படுவதால் ஒவ்வொரு வருடமும் தேதி மாறும். அதை நான் தள்ளிவைக்க இயலாது. நான் ஒரே மகன், எனக்குப் பதில் இன்னொருவர் செய்ய இயலாது. இந்திய நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை போனில் கிடைக்க மாட்டேன். அவசரத்துக்கு என் சக ஊழியர் இருக்கிறார், அவரிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேலையில் இருப்பேன்."

இதில் எல்லாவற்றையும்விட வலுவானது கடைசி வரி. சிராத்தத்துக்கு மறுநாள் காலையில் பரேஹணித் தர்ப்பணம் ஒன்று பாக்கி உண்டு. விடிந்ததும் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு லீவு தேவையில்லை. வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக் கேட்டிருந்தால் ஊட்டி டிக்கெட் உறுதியாகியிருக்கும். வெள்ளியை விட்டுக்கொடுத்ததால் வியாழனை யாரும் தொடவில்லை.

நேரத்தைக் குறிப்பிடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் அபராஹ்ணம் என்பது சுமார் ஒன்றே கால் மணி முதல் மூன்றே முக்கால் வரை. ம்யூனிக் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அதாவது இங்கே பிராமணர்களுக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது அங்கே காலை பத்து மணி, மீட்டிங் களைகட்டுகிற வேளை. 'பகலில் கொஞ்ச நேரம் இருக்க மாட்டேன்' என்று பூசினாற்போல எழுதினால், சரியாகப் பிண்டம் பிடிக்கும்போது போன் அடிக்கும்.

அடித்தாலும் எடுக்க முடியாது என்பது வேறு விஷயம். மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம். கையெல்லாம் எள். இடுப்பில் மடி வேஷ்டி, அதில் பாக்கெட் கிடையாது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்து, பிண்டம் முடிந்து, காக்காய்க்குச் சோறு வைத்த பிறகுதான் நமக்கு இலை. அடுக்களையிலிருந்து அதிரசமும் உளுந்து வடையும் எள்ளுருண்டையும் மணக்கின்றன. வெங்காயம், தக்காளி, கேரட் எதுவும் உள்ளே வரக்கூடாத அந்த ஒரு நாளில், வாழைக்காய்க்கும் பாகற்காய்க்கும் கொத்தவரங்காய்க்கும் தனி மரியாதை. சரியாகச் சுண்ட வதக்காத பிரண்டைத் துவையல் தொண்டையை அரிக்கும். யாரும் குறை சொல்லக்கூடாது, அன்றைக்குச் சமையலைக் குறை சொல்வது வழக்கமில்லை. இதையெல்லாம் செய்கிறவனிடம் "ஒரு சின்ன கேள்வி" என்று வருகிற குறுஞ்செய்தி, அலமாரி மேல் கிடந்து தானாகவே அடங்கிவிடும்.

முந்தின நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிராத்தத்துக்கு முதல் நாள் ஹோட்டலில் சாப்பிடக்கூடாது, ராத்திரி சோறு கிடையாது, பலகாரம்தான். டீம் டின்னர் எப்போதும் சொல்லிவைத்தாற்போல அன்றைக்குத்தான் வரும். அதை லீவுக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். "வயிறு சரியில்லை" என்ற ஒன்றை இதற்கு மட்டும் நான் அனுமதிக்கிறேன்.

மேனேஜரின் பதில் கொஞ்ச நேரத்தில் வந்தது. "அனுமதித்தாயிற்று. அன்று உங்களை யாரும் கூப்பிடக்கூடாது என்று டீமிடம் சொல்லிவிடுகிறேன். என் தந்தையின் கல்லறைக்கு நான் நவம்பரில் போவேன்." பலூன் இல்லை. அதற்கு நான் நன்றி என்று மட்டும் எழுதினேன். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பித்ரு லோகம், கோத்திரம், மூன்று தலைமுறை எதையும் நான் விளக்கவில்லை. அவருக்கு அது தேவையாகவும் இல்லை. வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் என் சக ஊழியர்தான் ஆர்வக்கோளாறில் காக்காய் சமாசாரத்தை அவிழ்த்துவிட்டார். "பறவை வந்ததா?" என்று மேனேஜர் கவலையோடு கேட்டார். வந்தது என்றேன். அவருக்கு நிஜமாகவே நிம்மதி.

வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கடிதம் எழுதவேண்டியவர்களுக்கு ஒரு யோசனை. புதுப் பஞ்சாங்கம் சித்திரைக்கு முன்பே கடைக்கு வந்துவிடுகிறது. வாங்கியதும் வீட்டுத் திதி என்றைக்கு என்று வாத்தியாரிடம் உறுதி செய்துகொண்டு, ஆபீஸ் காலண்டரில் அன்றே குறித்துவிடுங்கள். ஐந்து மாதம் முன்னால் கேட்ட லீவு கடமை மாதிரி தெரியும்; முதல் நாள் கேட்டது சாக்கு மாதிரி தெரியும், காரணம் என்னதான் உண்மையாக இருந்தாலும்.

வாத்தியாரிடம் பேசும்போதே அவருடைய நேரத்தையும் பிடித்துவிடுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் அவருக்கு நாலு வீடு இருக்கும், நாலு வீட்டிலும் அபராஹ்ணம் ஒன்றுதான். மேனேஜர் லீவு கொடுத்துவிடுவார். வாத்தியாரிடம் கடிதமெல்லாம் எடுபடாது.