ஒன்பது மணி தோசை

கேள்வி: மதியம் 12 முதல் இரவு 8 வரைதான் சாப்பாடு என்று விரதம் இருக்கிறேன். ஆபீஸ் விட்டு வீடு சேரவே எட்டரை. எல்லோரும் தோசை சாப்பிட, நான் வெந்நீர் குடிக்கிறேன். என்ன செய்ய?

பதில்: 12 என்று யாரும் கல்வெட்டில் வெட்டி வைக்கவில்லையே! டிபன் பாக்ஸை 1 மணிக்குத் திறந்து, கடைசித் தோசையை 9-க்குள் முடியுங்கள். அதே எட்டு மணி நேரம்தான். நாலு மணி பஜ்ஜியும் உள்ளே வந்துவிடும் (வேண்டாம் என்றாலும் வரும்). வில்லன் காலை ஃபில்டர் காபி. பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் விரதம் அங்கேயே முடிந்தது. சர்க்கரையில்லாத கடுங்காபி என்றால் பரவாயில்லை. நீரிழிவுக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவரானால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். பதினொரு மணி மீட்டிங்கில் கை நடுங்கி வியர்த்தால், அது மேனேஜர் பயமாக இருக்காது, சர்க்கரை இறங்கியிருக்கும்.