ஒரே ஆணியில் ஐந்து சட்டை

என் மகள் நீட் எழுதிய வருஷம், மாற்று வழி இல்லாமல் அவள் திண்டாடக் கூடாதென்று டைரியில் ஒரு பட்டியல் போட்டேன். எம்.பி.பி.எஸ். போனால் பல் மருத்துவம், அதுவும் போனால் ஆயுர்வேதம், ஹோமியோபதி, சித்தா. மூணாறில் எங்கள் லயத்துக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவேன். முன்யோசனைக்காரன் என்று யாரோ சொன்னதை நான் மறுக்கவும் இல்லை.

ஐந்துக்கும் நீட் தேர்ச்சி வேண்டும் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை. வழக்கமாகப் பொதுப் பிரிவுக்கு 50, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 பெர்சன்டைல். அதற்குக் கீழே இறங்கினால் ஐந்தும் சேர்ந்தே போகும். ஆணி ஒன்று, அதில் சட்டை ஐந்து. சட்டைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூத்து கீம். அது என்ஜினியரிங் பரீட்சை, நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட்டேன். அக்ஷயா சென்டருக்கு வேறொரு சர்டிபிகேட்டுக்காகப் போனபோது அங்கிருந்த சேச்சி, “கீம் போட்டாச்சா அண்ணா?” என்றார். போட்டால்தானே! அவர் பொறுமையாக விளக்கினார். கேரளத்தில் மெடிக்கல் சீட்டுக்கு நீட் எழுதினால் மட்டும் போதாது. எண்ட்ரன்ஸ் கமிஷனருக்குத் தனியாகக் கீம் விண்ணப்பம் போட்டு, அதில் மெடிக்கல் பிரிவை டிக் செய்ய வேண்டும். தனிப் பரீட்சை எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தின் கெடு நீட் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். நீட் முடிவு வந்ததும் அதே தளத்தில் போய் மதிப்பெண்ணையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாநில ரேங்க் பட்டியலில் பெயர் வராது. இரண்டு அலுவலகமும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்று நினைத்திருந்தவன் நான். நல்லவேளை, கெடுவுக்குள் போட்டுவிட்டோம்.

தாய்மொழிப் பற்றிலும் ஒரு சறுக்கல். நீட் விண்ணப்பத்தில் வினாத்தாள் மொழிக்குத் தமிழ் என்று போடச் சொன்னேன். தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு போன்ற சில இடங்களின் மையங்களில்தான் தருவார்கள். கேரளத்து மையங்களில் மலையாளம் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே போடிமெட்டு இறங்கித்தான் பரீட்சைக்குப் போனோம். பிளஸ் டூ பாடத்தையெல்லாம் ஆங்கிலக் கலைச்சொற்களில் படித்தவள், தாளில் தமிழுக்குப் பக்கத்திலேயே இருந்த ஆங்கிலக் கேள்வியைத்தான் பார்த்து எழுதினாள். அந்த மலைப்பாதை வளைவுகளில் அவள் வாந்தி எடுத்ததற்கு என் பற்றைத் தவிர வேறு காரணம் கிடையாது.

மதிப்பெண் குறைவாகத்தான் வந்தது. வேளாண்மை, வனவியல் போன்ற படிப்புகளின் பட்டியலுக்கு நீட்டில் 20 மதிப்பெண் இருந்தாலே தகுதி என்று கேள்விப்பட்டதும் குதித்தேன். சரியான விடைக்கு 4 வீதம் ஐந்து கேள்வி, தவறு இல்லாமல் இருந்தால் போதுமே! மகள் கேட்டாள்: “தகுதி சரிப்பா, போன வருஷம் கடைசியா சீட் கிடைச்ச ரேங்க் என்ன?” அதுவும் கமிஷனரின் தளத்திலேயே இருந்தது. பார்த்தோம். எங்கள் ரேங்குக்கு அந்த ஊர்ப் பக்கமே பஸ் போகாது.

கடைசியாக நர்சிங் நினைவுக்கு வந்தது. அரசு நர்சிங் சீட்டுகளுக்கு எல்.பி.எஸ். சென்டர் அலாட்மென்ட் நடத்துகிறது. அதற்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். என் ஐந்து வழிகளில் இல்லாத வேறு ஆணி இதுதான். நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்ததில் அதன் கெடு முடிந்துபோயிருந்தது. நீட் சரியாக வராதபோது கைகொடுக்க வேண்டிய வழியை, நீட் சரியாக வரவில்லை என்று தெரிந்த பிறகு தேடியிருக்கிறேன்.

சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்: “எம்.ஜி. யுனிவர்சிட்டி டிகிரிக்கு நான் பிளஸ் டூ ரிசல்ட் வந்தப்பவே போட்டுட்டேன்பா.” விலங்கியல், முதல் விருப்பம். போனிலேயே போட்டிருக்கிறாள். என்னிடம் சொன்னால் டைரியில் எழுதிவிட்டுக் காத்திருக்கச் சொல்வேன் என்று சொல்லவில்லையாம்.

இப்போது மகனின் முறை. டைரியில் புதுப் பக்கம் திறந்து, ஒவ்வொரு படிப்புக்கும் நேரே இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். எந்த மதிப்பெண்ணை வைத்து சேர்க்கிறார்கள், விண்ணப்பம் என்றைக்கு மூடுகிறது. நீட் மதிப்பெண் கேட்பவை ஒரு பக்கம், பிளஸ் டூ மதிப்பெண் கேட்பவை மறுபக்கம். இரண்டாம் பக்கத்தில் குறைந்தது இரண்டு விண்ணப்பங்களாவது நீட் முடிவுக்கு முன்பே போயிருக்க வேண்டும். லயத்தில் பிள்ளைகளுக்கு யோசனை கேட்டு வருபவர்களுக்கும் இதையே காட்டுகிறேன். கவனமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். கிளம்பும்போது மகளின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.