நின்ற குற்றம்

அதிகாலை 2.40 மணி. ஒரு மாவட்டத் தலைநகரின் நான்குமுனைச் சந்திப்பு. சென்னையிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருந்த அரசுப் பேருந்து, சிவப்பு விளக்கைப் பார்த்ததும் நிறுத்தக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. குற்றம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் சாட்சியம்.

சிக்னல் கம்பத்தில் உபயம் செய்த நகைக்கடையின் பெயர் விளக்கைவிடப் பெரிதாக எரிந்துகொண்டிருந்தது. திறந்துவைத்தவரின் பெயர் அதைவிடப் பெரிது. ராத்திரியில் இப்படிப்பட்ட சிக்னலை விட்டுவிட்டு மின்னும் மஞ்சளுக்கு மாற்றிவிட வேண்டும். வேகத்தைக் குறை, இரண்டு பக்கமும் பார், பிறகு போ என்பது அதற்கு அர்த்தம். ஆனால் பெட்டியைத் திறந்து நேரத்தை மாற்றி வைக்க வேண்டிய பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோய், புதுப்பிக்கும் கோப்பு ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. ஆகவே யாருமற்ற சாலையில் விளக்கு தன் கடமையைச் செய்தது: 90, 89, 88.

ஹாரனுக்கும் வேகத்தடைக்கும் அசையாத நம் பயணி, வண்டி நின்றால் மட்டும் விழித்துக்கொள்வான். "பஞ்சரா?" என்றது ஒரு குரல். "டீக்கடையா?" என்றது இன்னொன்று. விவரம் தெரிந்ததும் பேருந்துக்குள் ஒரு மக்களாட்சியே எழுந்து நின்றது.

"சிக்னல் போட்டவனே வீட்ல தூங்குறான். இவர் யாருக்காக நிக்கிறாரு?"

"கவர்மெண்ட் வண்டில்ல, அப்படித்தான்."

இதைச் சொன்னவர் மாலையில் முகநூலில், நம் நாட்டில் ஒழுக்கமே இல்லை என்றும் சிங்கப்பூரைப் பார் என்றும் எழுதியிருந்தார். அதற்கு நல்ல வரவேற்பும் இருந்தது.

கண்டக்டர் முன்னால் வந்து குனிந்தார். "அண்ணே, ஏற்கெனவே லேட்டு. டைம் கீப்பர் கத்துவாரு. ரோட்ல ஒரு நாய்கூட இல்ல, எடுங்கண்ணே."

"இந்த ரோட்ல இல்ல தம்பி. அந்த ரோட்ல?"

அந்த ரோடு கண்ணுக்கே தெரியவில்லை. இடப்பக்க மூலையில் ஒரு காதணி விழாவுக்கு முப்பதடி உயர ஃப்ளெக்ஸில் வட்டமும் ஒன்றியமும் கைகூப்பி நின்றிருந்தன. டிரைவரின் கணக்கு எளிமையானது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். கண் பார்த்ததைக் கால் கேட்டு பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். காற்று பிரேக் பிடித்து, ஆள் நிறைந்த வண்டி நிற்க இன்னும் முப்பது மீட்டருக்கு நெருக்கமாக வேண்டும். ஃப்ளெக்ஸுக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் வெளிப்பட்டால் நடுவில் இருப்பது பத்து மீட்டர்கூட இல்லை. அவனுக்கு எரிவது பச்சை. பச்சையை நம்பி வருகிறவன் வேகத்தைக் குறைக்க மாட்டான், குறைக்க வேண்டியதும் இல்லை. சாலை காலி என்று நாம் சொல்வதெல்லாம் நம் ஹெட்லைட் எட்டுகிற தூரத்துக்குத்தான்.

எண் 41-ல் இருந்தபோது, ஃப்ளெக்ஸில் கும்பிட்ட கைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு டி.வி.எஸ். 50 வந்தது. முன்னால் பூமூட்டை, பின்னால் பூமூட்டை, நடுவில் ஒரு பெரியவர். பேருந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்திப்பைக் கடந்து சந்தைப் பக்கம் போய்விட்டார். பேருந்துக்குள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் எண்களைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலேயே ஓர் ஆம்னி பஸ் வந்து, ஒரு மூச்சு ஹாரன் அடித்து, இடப்பக்கமாக ஏறிப் பறந்தது. பெரியவர் அதற்கு ஆறேழு நொடி முந்திவிட்டார். அதற்குப் பிறகு எம்-சாண்ட் லாரி. அதற்கு ஹாரன் அடிக்கவும் நேரமில்லை.

அப்போதுதான் ரோந்து ஜீப் வந்து நின்றது. வெறும் ரோட்டில் சிவப்புக்கு நிற்கும் பேருந்து என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"வண்டி பிரேக்டவுனா?"

"இல்ல சார். சிக்னல்."

"எறங்கு. ஊது."

ஊதினார். பூஜ்யம் காட்டியது. சந்தேகம் இன்னும் கூடியது. லைசென்ஸ், டிரிப் ஷீட், ஊர், பேர் என்று விசாரணை நடக்கும்போதே பச்சை வந்து போய் மறுபடியும் சிவப்பு விழுந்தது. அப்போது ஜீப்பின் வயர்லெஸ் இரைந்தது. அதிகாரியின் முதுகு தானாக நிமிர்ந்தது. "கான்வாய் வருதுய்யா! எடு, எடு வண்டிய!"

"சார், செவப்பு சார். இன்னும் 20 இருக்கு."

"நான் சொல்றேன், எடுய்யா!"

ஒரு தலைவரின் கார்கள் சிவப்பைத் தாண்டுவதற்குப் பேருந்து இடைஞ்சல். ஆகவே முதலில் பேருந்து தாண்ட வேண்டும். எடுத்தார். கம்பத்திலிருந்த கேமரா ஒரு முறை மின்னியது. பின்னால் வந்த கார்களையும் அது படம் பிடித்தது. ஆனால் நம்பர் பிளேட்டின் மேல் கட்சிக்கொடி படபடத்தால் கேமரா பாவம், என்ன செய்யும்? 2017 மே முதல் தேதியோடு தலைவர்களின் கார் உச்சியிலிருந்த சிவப்பு விளக்கை மத்திய அரசு கழற்றியது. அதற்காக, சாலையில் இருக்கும் சிவப்பு விளக்கை மதிக்க வேண்டும் என்று யாரும் இவர்களிடம் சொல்லவில்லை போலும்.

சில வாரங்களில் பணிமனைக்கு இரண்டு காகிதங்கள் வந்தன.

முதலாவது, சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கான அபராதச் சீட்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 184-ஆம் பிரிவு இதை ஆபத்தான ஓட்டுதல் என்கிறது. ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். வண்டி அரசாங்கத்துடையது, பிடித்தம் டிரைவருடைய சம்பளத்தில்.

இரண்டாவது, குற்றச்சாட்டு மெமோ. ஆளில்லாத சாலையில் காரணமின்றி நின்றது, கால அட்டவணையைக் குலைத்தது, எஞ்சினை ஓடவிட்டு டீசலை வீணாக்கி லிட்டருக்கான கிலோமீட்டரைக் குறைத்தது, பயணிகளுக்கு மன உளைச்சல் தந்தது. ஒரே டிரிப், ஒரே சிக்னல், ஒரே டிரைவர். நின்றதற்கு ஒன்று, நிற்காததற்கு ஒன்று.

விசாரணையில் டிரைவர் டி.வி.எஸ். 50 பெரியவரைப் பற்றிச் சொன்னார். விசாரணை அதிகாரி பேனாவை மூடினார்.

"சாட்சி இருக்கா?"

"அவருதான் சார் சாட்சி. உயிரோட இருக்காரு."

"அதுதான்யா பிரச்சினை. நடந்த ஆக்சிடெண்டுக்கு எஃப்.ஐ.ஆர். இருக்கும், போஸ்ட்மார்ட்டம் இருக்கும். நடக்காத ஆக்சிடெண்டுக்கு எதக் காட்டுவ?"

அவர் சொன்னது சரிதான். அந்தப் பெரியவர் பேருந்துக்கு அடியில் போயிருந்தால் எல்லாக் காகிதமும் முறையாக இருந்திருக்கும். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் டிரைவர் மேல் வழக்கு. குடும்பத்துக்கு நிவாரணம், தலைவரிடமிருந்து ஆழ்ந்த இரங்கல். அந்த இரங்கலும் அதே மூலையில் ஃப்ளெக்ஸாக நின்றிருக்கும். பேருந்தில் எழுந்து கத்திய அதே வாய்கள், "இந்த டிரைவருங்களே இப்படித்தான், எமனுங்க" என்றிருக்கும். ஓடும் நேரத்தை மேசையில் உட்கார்ந்து நிமிடக் கணக்கில் வெட்டிய அதிகாரியின் பெயர் மட்டும் எந்தக் காகிதத்திலும் வந்திருக்காது. சிவப்பைத் தாண்டினால்தான் பிடிக்க முடிகிற நேரத்தை அட்டவணையில் எழுதிவிட்டு, சிவப்பைத் தாண்டாதே என்று பணிமனைச் சுவரில் எழுதுகிறவன் எழுதுவது பாதுகாப்பு வாசகம் அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முன்ஜாமீன்.

தீர்ப்பு வந்தது. ஆண்டு ஊதிய உயர்வு ஆறு மாதம் நிறுத்தம். சிக்னல் இன்னும் மஞ்சளுக்கு மாறவில்லை. காதணி விழா முடிந்து, அதே சட்டத்தில் இப்போது ஒரு பிறந்தநாள் நிற்கிறது.

அந்தப் பேருந்தில் டிரைவரின் தலைக்கு மேல் புகார் எண் எழுதியிருக்கிறது. சிவப்பில் நின்றதற்காக அன்றிரவு அந்த எண்ணுக்கு அழைத்தவர்கள் மூன்று பேர். சிவப்பைத் தாண்டியதற்காக அழைத்தவர் ஒருவரும் இல்லை.